எண்பத்தொன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு ஒரு கடிதம்

தக்கலையில் கணக்கு, வரி வேலை பார்க்கிற சின்ன ஆபீஸ் என்னுடையது. ஜிஎஸ்டி, வருமான வரி ரிட்டர்ன் போடத்தான் ஆட்கள் வருவார்கள். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு யாரிடமாவது வரவேண்டிய பாக்கி இருக்கும். டாக்டர், வக்கீல், என்ஜினியர், பிளான் வரைகிறவர் என்று எல்லோருக்கும் இதே கதை. வேலையை முடித்துக் கொடுத்த பிறகு கூலி கேட்பது அவர்களுக்குக் கூச்சம். போனில் கேட்பார்கள், ஆள் விட்டுக் கேட்பார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்தால் ஜாடையாகக் கேட்பார்கள். எழுதிக் கேட்க மட்டும் மாட்டார்கள். எழுதினால் சண்டை என்று நம்ம ஊரில் ஒரு நினைப்பு.

கருங்கல் பக்கத்துத் தம்பி ஒருவர், ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர். அழகியமண்டபத்தில் ஒரு பெரியவர் கட்டிய மூன்று மாடி வணிகக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் முதல் மொட்டை மாடி வரை கம்பி வரைபடம் எல்லாம் இவர்தான் போட்டுக் கொடுத்தார். பெரியவர் வளைகுடாவில் சம்பாதித்துவந்து இங்கே கடை நடத்துகிறவர், தம்பிக்கு அம்மா வழியில் தூரத்துச் சொந்தமும்கூட. முதல் பில்லுக்குப் பணம் ஒழுங்காக வந்தது. இரண்டாவது பில்லில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. கேட்கும்போதெல்லாம் "மக்கா, பைசா எங்க போவுது, தருவேன்" என்பாராம்.

"அக்கா, அவருக்குப் பைசாவுக்குக் குறவொண்ணும் இல்ல. மனசுதான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே தம்பி ஒரு பேப்பரை நீட்டினார். வக்கீல் நோட்டீஸ் விடுவதற்கு முன்னால் தானே ஒரு கடிதம் அனுப்பிப் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். அது நல்ல யோசனைதான். வக்கீலின் பெயரில் கடிதம் போய்விட்டால் எதிராளி அடுத்த நிமிஷமே தன் வக்கீலைத் தேடுவார். சொந்தப் பெயரில் போகிற முதல் கடிதத்துக்கு, நேரே போன் எடுத்துப் பேச இன்னும் இடம் இருக்கும்.

ஆனால் எழுதியிருந்தது இப்படி:

"உங்களை நம்பி ராத்திரி பகலா வேலை செஞ்சதுக்கு நல்ல மரியாதை காட்டிட்டீங்க. எனக்குச் சுமார் ஒன்றரை லட்சம் வரவேண்டியிருக்கு. மாசம் மூணு வட்டியோட உடனே தரணும். இல்லேன்னா 420 கேஸ் குடுப்பேன். 180 நாள் ஆனா உங்க ஐடிசியும் போயிரும். இந்தக் கடிதத்தின் நகலை வியாபாரிகள் சங்கத்துக்கும் அனுப்புறேன். உங்க மகன் கல்யாணத்துல வந்து கேட்க வைக்காதீங்க."

கோபம் நியாயமானது. ஆனால் இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் பெரியவருக்கு முதலில் கண்ணில் படுவது தான் தர வேண்டிய பணம் அல்ல, மகன் கல்யாணம்தான். அப்புறம் பேச்சு முழுக்க அதைப் பற்றியே இருக்கும்.

தொனியை விட்டுவிட்டு நான் முதலில் தொகையைத்தான் எடுத்தேன். "சுமார்" என்று தொடங்கும் கடிதத்தை வாங்கினவர் "எவ்வளவு என்று உனக்கே தெரியவில்லையே" என்று சொல்லித் தப்பிக்கலாம். தம்பி போட்ட ஒன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பில் தொகை 1,41,600, அதோடு நாலு தடவை சைட்டுக்குப் போனதற்குத் தலா இரண்டாயிரம் வீதம் எட்டாயிரம், எல்லாம் சேர்த்து ஒரு கணக்கு. நடுவில் பெரியவர் யுபிஐயில் போட்ட 40,000 அவர் மனதிலிருந்தே போய்விட்டது. கோபமாக இருக்கும்போது வந்த பணம் ஞாபகத்துக்கு வராது. வராத பணம்தான் நிற்கும்.

பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கட்டணம் 1,20,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 21,600. ஆக 1,41,600. இந்த 21,600ஐத் தம்பி தன் கையிலிருந்து எப்போதோ அரசுக்குக் கட்டிவிட்டார். பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் கட்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்து டிடிஎஸ். பெரியவர் கடைக்கு ஆடிட் உண்டு. அப்படிப்பட்டவர்கள் தொழில்முறைக் கட்டணம் கொடுக்கும்போது பத்து சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அந்தப் பத்து சதவீதம் கட்டணத்துக்கு மட்டும்தான், ஜிஎஸ்டி சேர்ந்த மொத்தத்துக்கு இல்லை. அதாவது 12,000. அதை உண்மையிலேயே பிடித்துக் கட்டினாரா என்று பார்க்கத் தம்பியின் வருமான வரிக் கணக்கில் படிவம் 26ஏஎஸ்ஸைத் திறந்தோம். இருந்தது. அந்த நிதியாண்டின் கடைசிக் காலாண்டில், 1,20,000 கட்டணத்துக்கு 12,000 ரூபாய் பிடித்ததாகப் பெரியவரின் கடைப் பெயரிலேயே பதிவாகியிருந்தது.

தம்பிக்கு அதன் அருமை உடனே புரியவில்லை. "பைசாவே தரல்ல, வரி மட்டும் எதுக்குப் பிடிச்சாரு?" என்று கேட்டார். தொகையைத் தன் கணக்குப் புத்தகத்தில் வரவு வைக்கிற நாள், கொடுக்கிற நாள், இரண்டில் எது முந்தியதோ அப்போதே டிடிஎஸ் பிடிக்க வேண்டும். பெரியவரின் கணக்கப்பிள்ளை பில்லை ஏற்றிப் பதிவு செய்தபோதே பிடித்துவிட்டார். அப்படியென்றால் பில் வந்து சேரவில்லை, இவ்வளவு கட்டணம் பேசவே இல்லை என்று நாளைக்குச் சொல்வது கஷ்டம். அந்தக் கட்டணத்தைத் தன் செலவாக எழுதி அரசுக்குத் தெரிவித்தவர் அவரேதான். பாக்கி வசூலுக்குக் கிளம்புகிற யாரும் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் படிவத்தை. பலர் ரிட்டர்ன் போடும் ஜூலையில் மட்டும்தான் அதைத் திறக்கிறார்கள்.

ஆக 1,41,600இல் டிடிஎஸ் 12,000 போனால் 1,29,600. யுபிஐயில் வந்த 40,000 போனால் 89,600. இதுதான் எண். டிடிஎஸ்ஸைக் கழிக்காமல் 1,01,600 என்று எழுதியிருந்தால், பெரியவருடைய கணக்கப்பிள்ளை "கணக்கே தப்பு" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டு இன்னும் இரண்டு மாதம் ஓட்டியிருப்பார்.

சைட்டுக்குப் போன எட்டாயிரத்தைச் சேர்க்கத்தான் தம்பி ரொம்ப மல்லுக்கட்டினார். அது வாய்ப்பேச்சு, அதற்குப் பில் போடவே இல்லை. பில் போட்டு, வரி கட்டி, எதிராளியே பதிந்துவைத்த ஒரு தொகையோடு, வாய்ப்பேச்சில் நிற்கும் தொகையைச் சேர்த்தால் பலவீனமானதைப் பற்றித்தான் தகராறு நடக்கும், பலமானதும் அதோடு சேர்ந்து நின்றுபோகும். வேண்டுமென்றால் அதற்குத் தனி பில் போடுங்கள், இந்தக் கடிதத்தில் வேண்டாம் என்றேன்.

அப்புறம் மிரட்டல்கள். ஒவ்வொன்றாக அடித்தேன். வாங்கின வேலைக்குப் பணம் தராமல் இருப்பது மட்டுமே ஏமாற்றுக் குற்றம் ஆகிவிடாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். முதல் பில்லை முழுசாகக் கொடுத்து, இரண்டாவதிலும் நாற்பதாயிரம் கொடுத்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதோடு, பணம் தா, இல்லையென்றால் கிரிமினல் கேஸ் என்று எழுதிக் கொடுப்பது எழுதியவருக்கே தொந்தரவாக வந்து முடியலாம். வியாபாரிகள் சங்கத்துக்கு நகல் அனுப்புவதும் அப்படித்தான். சங்கத்துக்கு இந்தக் கணக்கில் ஒரு வேலையும் இல்லை. மூன்றாம் ஆளுக்குப் போகும் கடிதத்தில் ஒருவரைக் குறை சொன்னால் அவதூறு என்று அவர் திருப்பிக் கேட்க வழி திறந்துவிடும்.

அந்த 180 நாள் விஷயம் ஒரு பாதி உண்மை. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், வாங்கினவர் பில்லில் உள்ள ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள எடுத்த ஐடிசியை, அதாவது உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தில் இருக்கிறது. சரக்கு வாங்கிப் பணம் தராத கடைக்காரரிடம் இதைச் சொன்னால் வேலை நடக்கும். ஆனால் தன் சொந்தக் கட்டடம் கட்டுவதற்காக வாங்கும் சேவைக்கு அந்த வரவை எடுக்கவே சட்டம் விடுவதில்லை. எடுக்காத வரவை எப்படித் திருப்புவது? பெரியவரின் ஆடிட்டர் இதைப் படித்தால் சிரிப்பார், அந்தச் சிரிப்பில் மற்ற வரிகளின் கனமும் குறைந்துபோகும்.

மாதம் மூன்று வட்டிக்கும் ஆதாரம் இல்லை. கொட்டேஷனில் வட்டி பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அப்படிப் பேசாத இடத்திலும் 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. இன்ன தேதியிலிருந்து வட்டி கோருவேன் என்று எழுத்தில் அறிவித்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து நீதிமன்றம் வட்டி கொடுக்கலாம். வங்கிகள் டெபாசிட்டுக்குக் கொடுக்கிற வட்டியை ஒட்டித்தான் அது இருக்கும், கந்துவட்டிக் கணக்கில் இருக்காது. ஆகவே கடிதத்தில் வட்டி விகிதம் போட வேண்டிய அவசியமில்லை. எந்தத் தேதியிலிருந்து என்பதைத்தான் விடக்கூடாது. தம்பி வேலை எடுக்கும் முன்பே சிறு தொழிலாக உத்யம் பதிவு செய்திருந்தால் கதை வேறு. சிறு, குறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பேசிய கெடு எதுவானாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது, தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அவர் அதுவரை பதிவு செய்திருக்கவில்லை.

இவ்வளவையும் சொல்லி அனுப்பியதும் தம்பி ஒரேயடியாக அடுத்த பக்கம் சாய்ந்துவிட்டார். புதுசாக எழுதிக்கொண்டு வந்ததில் "தங்களுக்குச் சிரமம் இருக்கும் என்பது தெரியும். இருந்தாலும் மன்னிக்க வேண்டும். தங்களால் முடிந்த நேரத்தில், முடிந்த தொகையைத் தந்து உதவினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்" என்று இருந்தது. இது கடன் கேட்கும் கடிதம். முடிந்தபோது தரலாம் என்று பாக்கிக்காரருக்கு எழுதிக் கொடுத்தால் அவர் அதையே பத்திரமாக வைத்துக்கொள்வார். முதல் கடிதத்தைவிட இதுதான் ஆபத்து என்பது என் எண்ணம். திட்டினால் உறவு போகும், அவ்வளவுதான். இப்படி எழுதினால் கெடுவும் தொகையும் கையைவிட்டுப் போகும்.

மரியாதை என்பது நன்றி, மன்னிப்பு என்ற சொற்களில் இருக்கிறது என்று நினைப்பதால்தான் இப்படி ஆகிறது. ஒருவருடைய மனதைப் பற்றி எதுவும் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொல்வதும், அவர் பக்கத்தில் ஏதாவது குறை இருந்தால் சொல்ல இடம் கொடுப்பதும்தான் பெரியவர்களுக்கு மரியாதையாகப் படும். "தராமல் ஏமாற்றுகிறீர்கள்" என்பதற்குப் பதில் "இதுவரை வந்து சேரவில்லை". உள்ளடக்கம் ஒன்றுதான். இரண்டாவதை யாராலும் மறுக்க முடியாது.

கெடுவுக்கும் இதே கவனம் வேண்டும். உடனே, விரைவில், ஒரு வாரத்துக்குள் என்பதெல்லாம் தேதி இல்லை. "கடிதம் கிடைத்த 15 நாளுக்குள்" என்று வக்கீல் நோட்டீஸ்களில் போடுவார்கள், அதில் தப்பில்லை, ஆனால் என்றைக்குக் கிடைத்தது என்பதில் ஒரு வாதம் வரும். நேரே காலண்டர் தேதியைப் போடலாம். கடிதம் 2024 ஜூலை 22, திங்கட்கிழமை. ஆகஸ்ட் 9 வெள்ளிக்கிழமையைக் கெடுவாக வைத்தோம். தபால் போய்ச் சேர நாள் விட்டும் இரண்டு வாரம் கையில் இருக்கிறது. மறுநாள் இரண்டாம் சனி, வங்கி கிடையாது. கெடு சனியில் விழுந்தால் "பேங்க் பூட்டியிருந்துச்சு" என்று திங்கட்கிழமைக்குத் தள்ளுவார்கள்.

கடைசியில் போன கடிதம், பெயர்களையும் கணக்கு எண்ணையும் விட்டுவிட்டுத் தருகிறேன்:

"பொருள்: பில் எண் 31, நாள் 12.02.2024 – நிலுவைத் தொகை ரூ.89,600 செலுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

அழகியமண்டபத்தில் தாங்கள் கட்டிவரும் வணிகக் கட்டடத்துக்கான ஸ்ட்ரக்சுரல் வரைபடங்களை, 18.10.2023 அன்று தாங்கள் ஒப்புக்கொண்ட கொட்டேஷனின்படி தயாரித்து, கடைசித் தொகுதியை 05.02.2024 அன்று மின்னஞ்சலில் அனுப்பினேன். முதல் பில்லுக்கான தொகை முழுவதும் கிடைத்தது, நன்றி. இரண்டாவது பில்லின் கணக்கு வருமாறு:

கட்டணம்: ரூ.1,20,000
ஜிஎஸ்டி 18%: ரூ.21,600
பில் தொகை: ரூ.1,41,600
தாங்கள் பிடித்துக் கட்டிய டிடிஎஸ்: ரூ.12,000
20.04.2024 அன்று யுபிஐ மூலம் வந்தது: ரூ.40,000
நிலுவை: ரூ.89,600 (எண்பத்தொன்பதாயிரத்து அறுநூறு மட்டும்)

இந்த நிலுவை இதுவரை வந்து சேரவில்லை. இதை 09.08.2024 வெள்ளிக்கிழமைக்குள் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேற்கண்ட கணக்கில் வேறுபாடு இருந்தாலோ, வரைபடங்களில் நான் முடித்துத் தர வேண்டியது ஏதேனும் இருந்தாலோ 31.07.2024க்குள் எழுத்தில் தெரிவியுங்கள். உடனே கவனிக்கிறேன்.

09.08.2024க்குள் தொகை வந்து சேராவிட்டால், 10.08.2024 முதல் செலுத்தும் நாள்வரை சட்டப்படியான வட்டியையும் கோருவேன் என்பதையும், தொகையை வசூலிக்க உரிமையியல் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். அந்த நிலை வராமல் இது முடியும் என்று நம்புகிறேன்.

இணைப்பு: கொட்டேஷன், பில் எண் 31, யுபிஐ வரவு, படிவம் 26ஏஎஸ் பக்கம்."

குறை இருந்தால் எழுத்தில் சொல்லுங்கள் என்ற பத்தியைத் தம்பி எடுக்கச் சொன்னார், வம்பை நாமே விலைக்கு வாங்குவதா என்று. எனக்கு அந்தக் கடிதத்தில் பிடித்த பத்தியே அதுதான். பணம் நிற்பதற்குப் பின்னால் பெரும்பாலும் சொல்லாத ஒரு மனக்குறை இருக்கும். இப்போது கேட்டால் அது வெளியே வரும். கேட்ட பிறகும் சொல்லாதவர், ஒரு வருஷம் கழித்துக் கோர்ட்டில் "வரைபடம் சரியில்லை" என்று சொன்னால் எடுபடுவது கடினம்.

தபால் பற்றி ஒரு வார்த்தை. அன்றைக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள், இப்போது கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட் என்று கேட்டு, சேர்ந்ததற்கான ஒப்புகையும் வேண்டும் என்று சொல்ல வேண்டும். ரசீதைக் கடித நகலோடு பின் அடித்து வையுங்கள். "வாங்க மறுத்தார்" என்று கவர் திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வைக்க வேண்டும். சரியான முகவரிக்குப் பதிவாக அனுப்பியதே சேர்ந்ததற்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படும். அதே கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், கூட ஒரு வரியும் சேர்க்காமல்.

கடிதம் போனதால் காலக்கெடு நீளும் என்று சிலர் நம்புகிறார்கள். நீளாது. இப்படிப்பட்ட கட்டணத்துக்கு வேலை முடிந்ததிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், நாம் எத்தனை கடிதம் எழுதினாலும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாக்கி இருக்கிறது என்று எதிராளி அந்தக் காலத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் புதுசாகத் தொடங்கும்.

பெரியவர் கடிதம் கிடைத்த அன்றே போன் செய்தாராம். குரலில் கோபம் இல்லை. "என்ன மக்கா, கடுதாசி எல்லாம்?" என்று கேட்டுவிட்டு, மாடிப்படியின் இடைத்தளத்தை மேஸ்திரி மாற்றச் சொன்னபோது திருத்திய வரைபடம் கைக்கு வரவில்லை என்ற குறையைச் சொன்னார். தம்பி அதை எப்போதோ மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார், பெரியவர் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கெடுவுக்குள் 50,000 வந்தது. மீதி ஓணம் கழிந்து தருகிறேன் என்றார்.

இந்த இடத்தில் பலர் சந்தோஷத்தில் விட்டுவிடுவார்கள். நாங்கள் ஒரு சின்னப் பதில் எழுதினோம்: "ரூ.50,000 கிடைத்தது, நன்றி. மீதி ரூ.39,600. தாங்கள் கேட்டபடி 20.09.2024 வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கிறேன். என் முந்தைய கடிதத்தின் மற்ற விவரங்கள் அப்படியே தொடர்கின்றன. இதை ஏற்று நகலில் கையொப்பமிட்டுத் தரவும்." அந்த வருஷம் திருவோணம் செப்டம்பர் 15, ஆகவே அவர் கேட்ட கெடுவையே தேதியாக்கிக் கொடுத்தோம். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தில் பாக்கியும் உறுதியானது, மூன்று வருஷக் கணக்கும் அன்றிலிருந்து புதுசாகத் தொடங்கியது. மீதி அந்த வாரத்திலேயே வந்துவிட்டது, வட்டி கேட்கவில்லை.

சைட்டுக்குப் போன எட்டாயிரத்துக்குத் தம்பி கடைசிவரை பில் போடவில்லை, சொந்தக்காரர் என்று விட்டுவிட்டார். நான் போடச் சொன்னேன். அடுத்து எடுத்த வேலைகளின் கொட்டேஷனில் சைட் விசிட் ஒன்றுக்கு இரண்டாயிரம், பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பணம், தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று மூன்று வரி சேர்த்திருக்கிறார். உத்யம் பதிவும் செய்துவிட்டார்.